மழைக்கு முன் போக வேண்டிய கடிதம்

கார்த்திகை மழையில் ஹால் நடுவே வாளியை வைத்துவிட்டு, கோபத்தோடு வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதம் பெரும்பாலும் வீணாகத்தான் போகிறது. அந்த நேரத்தில் எந்தக் கொத்தனாரும் மொட்டை மாடியில் ஏறமாட்டார். நனைந்த தளத்தில் பூசினால் பூச்சு பிடிக்காது. "மழை நிக்கட்டும், பாத்துக்கலாம்" என்று வீட்டுக்காரர் சொல்வதில் அந்த வாரத்துக்கு ஒரு நியாயமும் இருக்கிறது. பிறகு மழை நிற்கிறது, ஒழுகலும் நிற்கிறது, தை பிறந்ததும் இரண்டு பக்கமும் மறந்துவிடுகிறது. அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் அதே வாளி.

இந்தச் சுற்றை உடைக்கும் கடிதம் ஆடி மாதத்தில், வெயில் காயும் ஒரு நாளில், ஆத்திரம் இல்லாமல் எழுதப்படுவது. அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எங்கே எப்படி ஒழுகுகிறது, இதற்கு முன் எந்தெந்தத் தேதியில் சொன்னோம், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். நடுவில் இருப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "பலமுறை சொல்லிவிட்டேன்" என்று எழுதுகிறார்கள். பலமுறை என்பது எத்தனை முறை என்று யாராவது கேட்டால் அவர்களிடம் பதில் இருப்பதில்லை.

ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னை நங்கநல்லூரில் மாடிப் போர்ஷன், மேலே மொட்டை மாடி. 2022 ஜூனில் குடிவந்த குடும்பம். வாடகை மாதம் 14,000 ரூபாய், அட்வான்ஸ் 42,000. வீட்டுக்காரர் வேறு பகுதியில் இருக்கிறார். கெட்டவர் இல்லை, ஆனால் செலவு என்றால் தள்ளிப்போடுகிறவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் படுக்கையறை மூலையில் முதல் சொட்டு விழுந்தது. 2025 ஆடிக்குள் அது மேற்பூச்சு பெயர்ந்து கட்டிலின் மேல் விழும் அளவுக்கு வந்துவிட்டது.

குடித்தனக்காரர் கடிதம் எழுத உட்காருவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை மொட்டை மாடியில் ஏறுவது. தண்ணீர் வடியும் குழாயின் வாயில் வேப்பஞ்சருகும் பிளாஸ்டிக் கவரும் அடைத்திருந்தால் தண்ணீர் குளம்போல் நிற்கும், நல்ல தளம்கூட ஒழுகும். வீட்டுக்காரர் சொல்லப்போகும் முதல் பதிலும் அதுவாகத்தான் இருக்கும்: "மேல குழாயை நீங்க சுத்தம் பண்ணலையே." எனவே அடைப்பை எடுத்து, குழாய் வாயைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த மழையிலும் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒழுகினால் அந்தப் பதிலுக்கு இனி இடமில்லை.

அடுத்தது, தண்ணீர் எப்போது வருகிறது என்பது. மழையே இல்லாத வாரத்திலும் ஈரம் காயாமல் இருந்தால், கோளாறு தளத்தில் இல்லை. மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியோ, சுவருக்குள் போகும் குழாயோ கசிகிறது. மழை பிடித்துச் சில நிமிடங்களிலேயே சொட்டினால், நேராக வழி கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கலாம், இல்லை மழைநீர்க் குழாய் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் பூச்சு விட்டிருக்கலாம். மழை தொடங்கிப் பல மணி நேரம் கழித்து ஆரம்பித்து, மழை நின்ற மறுநாளும் சொட்டிக்கொண்டே இருந்தால், தட்டோட்டுக்கு அடியில் இருக்கும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புப் படுகை பஞ்சுபோலத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடுகிறது. முதல் வகைக்கு விரிசலை வெட்டி அடைத்தால் போதும். கடைசி வகைக்குத் தட்டோட்டைப் பெயர்த்து மறுபடி போட வேண்டியிருக்கும். செலவும் நாளும் வேறு வேறு. கெடுவைத் தீர்மானிப்பதற்கே இது தெரிந்திருக்க வேண்டும்.

கூரையின் அடிப்பக்கத்தையும் நன்றாகப் பார்க்க வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் பல நாளாக வந்துபோகிறது. பழுப்புக் கறை நேர்கோடாக ஓடினால், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துக்கொண்டிருக்கிறது. துருவேறிய கம்பி பருக்கும், பருத்து கீழே இருக்கும் கான்கிரீட்டையும் பூச்சையும் தள்ளும். கட்டிலின் மேல் விழுந்த துண்டு அப்படி விழுந்ததுதான். இது வெறும் ஒழுகல் இல்லை, கட்டடத்தின் பலம் குறைகிற விஷயம். கடிதத்தில் இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். மின்விசிறிக் கொக்கி வழியாகத் தண்ணீர் வந்தால் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதையும் எழுத வேண்டும்.

இனி தேதிகள். நம் கற்பனைக் குடித்தனக்காரர் போனைத் திறந்து தேடுகிறார். எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைக்கிறது. 2023 டிசம்பர் 4 அன்று எடுத்த படம், அதில் மூலையில் ஈரம். அன்று போனில்தான் சொன்னார், எழுத்து இல்லை, ஆனாலும் படத்தில் தேதி இருக்கிறது. 2024 ஜனவரி 7 ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் நேரில் வந்தபோது காட்டினார். 2024 அக்டோபர் 15, சென்னை முழுக்கக் கொட்டிய அன்று, வாட்ஸ்ஆப்பில் வீடியோ அனுப்பினார், "ஆள் அனுப்புறேன்" என்று பதில் வந்தது. அக்டோபர் 27 அன்று கொத்தனார் ஒருவர் வந்தார், மாடிக்கு ஏறவே இல்லை, உள்ளே கூரையில் வெள்ளை சிமெண்ட்டைத் தடவிவிட்டுப் போனார். நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அன்று அதே இடத்தில் மறுபடி ஒழுகியது, கூடவே விசிறிக் கொக்கியிலும் சொட்டியது. செய்தி போனது, இரண்டு நீலக் குறியும் விழுந்தது, பதில் வரவில்லை.

இப்போது அவர் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்.

"4.8.2025, சென்னை. மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் வீட்டின் மாடிப் போர்ஷனில் 2022 ஜூன் முதல் குடியிருந்து வருகிறேன். ஜூலை மாதம் வரை வாடகை பாக்கியில்லை. படுக்கையறையின் வடகிழக்கு மூலையிலும், அங்கிருந்து சுமார் நான்கு அடி தள்ளி விசிறிக் கொக்கியிலும் மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது. மழை தொடங்கிச் சில மணி நேரம் கழித்து ஆரம்பித்து மறுநாள் வரை சொட்டுகிறது. மாடியின் வடிகுழாயை நான் சுத்தம் செய்த பிறகும் ஒழுகல் தொடர்கிறது. 20.7.2025 அன்று பெய்த மழைக்குப் பின் சுமார் ஓரடி அகலத்துக்குக் கூரைப் பூச்சு பெயர்ந்து கட்டிலில் விழுந்தது, உள்ளே கம்பி துருவேறித் தெரிகிறது. அந்த அறையை அன்று முதல் நாங்கள் பயன்படுத்தவில்லை.

இது குறித்து 4.12.2023 அன்று தொலைபேசியிலும், 7.1.2024 அன்று நேரிலும், 15.10.2024 அன்று வாட்ஸ்ஆப்பிலும் தங்களிடம் தெரிவித்தேன். 27.10.2024 அன்று தாங்கள் அனுப்பிய கொத்தனார் உட்புறக் கூரையில் மட்டும் பூசிச் சென்றார். 30.11.2024 அன்று மீண்டும் ஒழுகியதைப் படத்துடன் அனுப்பினேன், அதற்குப் பதில் வரவில்லை. படங்களும் செய்திகளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மாடித் தளத்தின் மேற்புறத்தில் வேலை முடிந்தாக வேண்டும். ஆகவே 14.8.2025-க்குள் தாங்களோ தங்கள் மேஸ்திரியோ வந்து பார்த்து, வேலை தொடங்கும் தேதியை எழுத்தில் தெரிவிக்கவும், 20.9.2025-க்குள் வேலையை முடித்துத் தரவும் கேட்டுக்கொள்கிறேன். எந்த நாளானாலும் காலை எட்டு மணி முதல் வேலையாட்கள் வரலாம், முந்தின நாள் சொன்னால் போதும். இந்தத் தேதிகளுக்குள் பதில் வராவிட்டால், பழுது நீக்கத் தாங்கள் மறுத்ததாக எடுத்துக்கொண்டு, சட்டம் எனக்குத் தரும் வழிகளில் செல்ல நேரிடும். அந்த நிலை வராது என்று நம்புகிறேன். இப்படிக்கு..."

இதில் எங்கும் திட்டு இல்லை. "வாடகை மட்டும் சரியாக வாங்கத் தெரிகிறது" என்கிற வரியை எழுதத் தோன்றும். எழுதினால் வீட்டுக்காரர் அந்த வரிக்குத்தான் பதில் சொல்வார், கூரை பேச்சிலிருந்து நழுவிவிடும். "வாடகை பாக்கியில்லை" என்கிற சின்ன வாக்கியம் அதைவிடப் பல மடங்கு பலமானது. பிறகு யார் முன்னால் இந்தக் கடிதம் போய் நின்றாலும், அவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

உள்ளே பூசிவிட்டுப் போன கொத்தனாரைக் குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. வீட்டுக்காரர், "நான்தான் ஆள் அனுப்பினேனே" என்பார். அனுப்பினார் என்பதை மறைக்காமல் நாமே சொல்லிவிட்டு, அது ஏன் போதவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் மேலிருந்து வருகிறது, கீழே தடவிய சிமெண்ட் அதை நிறுத்தாது. வெளியே வர வழியில்லாமல் தண்ணீர் தளத்துக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி இன்னொரு இடத்தில் இறங்கும். விசிறிக் கொக்கியில் புதிதாகச் சொட்டியது அதனாலும் இருக்கலாம். அதற்காக, "தட்டோட்டை முழுக்கப் பெயர்த்துப் போடுங்கள்" என்று கடிதத்தில் கட்டளையிடவும் வேண்டாம். எப்படிச் செய்வது என்பது அவர் மேஸ்திரியின் பொறுப்பு. மேற்புறத்தில் செய்ய வேண்டும், ஒழுகல் நிற்க வேண்டும் என்று முடிவைக் கேட்பதே சரி.

கெடு ஏன் இரண்டு தேதியாக இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரே தேதி கொடுத்தால் அந்தத் தேதி வரும்வரை காத்திருப்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை. அன்று எதுவும் நடக்கவில்லை என்று தெரியும்போது மழை வாசலில் நிற்கும். முதல் கெடு சும்மா ஒரு பதிலுக்கானது, பத்து நாள் போதும். அதில் மௌனம் என்றால் இரண்டாவது தேதிக்கு இன்னும் ஐந்து வாரம் கையில் இருக்கிறது. இரண்டாவது கெடு வேலையின் அளவுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். தட்டோட்டைப் பெயர்க்கவும், படுகையைச் சரிசெய்யவும், மீண்டும் பதித்து நாள்கணக்கில் தண்ணீர் விட்டு ஆறவைக்கவும் வேண்டும். ஆவணி மாத மாலை மழை இடையில் சில நாளைத் தின்னும். "ஒரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும்" என்று எழுதினால் நியாயமற்ற கெடு என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. செப்டம்பர் 20 என்றால் வேலை தள்ளிப்போனாலும் ஒரு மாதம் மிச்சம்.

ஆனால் பூச்சு பெயர்ந்து விழுகிற இடத்துக்கு ஆறு வாரம் காத்திருக்க முடியாது. தொங்கும் பூச்சைத் தட்டி இறக்குவதற்கு அந்த வாரத்திலேயே ஆள் வரச் சொல்லிப் போனில் தனியாகக் கேட்பது நல்லது, கேட்டதை ஒரு செய்தியாகவும் அனுப்பி வைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில், 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் 15-ஆம் பிரிவு பழுது பற்றியது. யார் எதைச் செய்ய வேண்டும் என்று பின்னால் ஓர் அட்டவணையே இருக்கிறது. குழாயின் வாஷர், சுவிட்ச், கதவுப் பூட்டு, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. கட்டட அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடிப்பு, உள்வயரிங் எல்லாம் உரிமையாளர் கணக்கு. குடியிருப்பவர் தாமே உண்டாக்கிய சேதம் மட்டும் அதில் சேராது. ஒழுகும் தளம் உரிமையாளர் கணக்கில் வருகிறது. ஒப்பந்தத்தில் பழுதுகளைப் பற்றி எதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்பதையும் கடிதத்துக்கு முன் ஒருமுறை படித்துவிட வேண்டும். "சிறு பழுதுகள் குடித்தனக்காரர் பொறுப்பு" என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுகிறார்கள். கூரை சிறு பழுது இல்லை என்றாலும் வாதம் அங்கேதான் தொடங்கும்.

உரிமையாளர் செய்ய வேண்டிய பழுதைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்குமேல் கழிக்கக்கூடாது. நம் வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேஸ்திரி 36,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டால், 14,000-இல் பாதி 7,000. ஐந்து மாதம் 7,000 வீதம் 35,000 கழியும், ஆறாம் மாதம் மீதி 1,000. அதாவது குடித்தனக்காரர் முழுப் பணத்தையும் முன்னால் போட்டுவிட்டு அரை வருடம் காத்திருந்து திரும்ப எடுக்க வேண்டும். கையில் 36,000 இல்லாத குடும்பத்துக்கு இந்த உரிமை காகிதத்தில்தான் இருக்கிறது. அது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஒழுகும் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பங்கள்தான்.

பணம் இருப்பவர்களும் அவசரப்படக்கூடாது. சட்டத்தின் சொல் "மறுத்தால்" என்பது. வீட்டுக்காரர் வாய்விட்டு மறுப்பது அபூர்வம், பேசாமல் இருந்துவிடுவார். அதனால்தான் கடிதத்தில், பதில் வராவிட்டால் மறுத்ததாக எடுத்துக்கொள்வேன் என்கிற வரி வேண்டும். தேதிகள் கடந்த பிறகு இரண்டு மேஸ்திரிகளிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அவற்றை இன்னொரு கடிதத்தோடு வீட்டுக்காரருக்கு அனுப்பி, சில நாள் விட்டு, பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் படம், ஒவ்வொரு சாமானுக்கும் பில். அவர் மாடியில் ஆள் ஏற்றுவதையே எதிர்த்தால், சண்டைக்குப் போகாமல் வாடகை அதிகாரியிடம் போவது நல்லது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்டிருக்கிறார். அங்கே நிற்க, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாகியிருப்பது பெரிய பலம். வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போய், எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறும் உரிமையும் உண்டு.

பலர் எடுக்கும் தவறான வழி ஒன்று இருக்கிறது. கோபத்தில் வாடகையை மொத்தமாக நிறுத்திவிடுவது. இரண்டு மாதம் வாடகை பாக்கி என்பது வீட்டைக் காலிசெய்யச் சொல்வதற்கு அதே சட்டம் தரும் காரணங்களில் ஒன்று. கூரை ஒழுகுகிறது என்று தொடங்கிய வழக்கு, வாடகை கொடுக்காதவர் வழக்காக மாறிவிடும். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்துவதும் அதே ஆபத்துதான்.

கடிதத்தை எப்படிக் கொண்டுசேர்ப்பது? வாட்ஸ்ஆப்பில் அனுப்பலாம், ஆனால் அது மட்டும் போதாது. நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துக் கேட்கச் சங்கடமாக இருந்தால் தபால் இருக்கிறது. பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்க்கப்பட்டுவிட்டதால், இப்போது அனுப்புகிறவர்கள் விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்பலாம். ரசீதையும் சான்றையும் கடிதத்தின் நகலோடு ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் அந்த உறையைப் பிரிக்கக்கூடாது. மேலே தபால்காரர் எழுதிய குறிப்போடு அது அப்படியே ஒரு சாட்சி. பழைய வாட்ஸ்ஆப் செய்திகள் இருக்கும் போனை மாற்றுவதாக இருந்தால் முதலில் அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

தபாலில் விடுவதற்கு முதல் நாள் ஒரு போன் செய்வதை நான் எல்லோருக்கும் சொல்வேன். "சார், எல்லாத்தையும் ஒரு லெட்டரா எழுதி அனுப்பியிருக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க, தேதியெல்லாம் ஞாபகம் இருக்கணும்னுதான்." முன்னறிவிப்பு இல்லாமல் தபால் வந்தால் வீட்டுக்காரர் அதை வக்கீல் நோட்டீஸ்போல் பார்க்கிறார், அன்றே வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் எண்ணம் அவருக்கு வந்துவிடுகிறது. ஒரு போன் அந்த முறுக்கைத் தளர்த்துகிறது. கடிதத்தில் ஒரு வரியும் அதனால் குறைவதில்லை.

பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இந்தக் கட்டத்தில் ஆள் அனுப்பிவிடுகிறார்கள். தேதிகள் வரிசையாக ஒரே காகிதத்தில் நிற்பதைப் பார்க்கும்போது, இருபது மாதம் தள்ளிப்போட்டது அவர்களுக்கே தெரிகிறது. வேலை முடிந்ததும், மேஸ்திரி இருக்கும்போதே வடிகுழாயின் வாயை அடைத்து, தளத்தின் மேல் இரண்டு விரற்கடைக்குத் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். தளமே பலவீனமாகத் தெரிந்தால் மட்டும், அந்த எடையை ஏற்றலாமா என்று முதலில் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கீழே கூரை காய்ந்திருந்தால், கடைசியாக இன்னொரு சின்னக் கடிதம்: "மாடித் தள வேலை இன்ன தேதியில் முடிந்தது, தண்ணீர் கட்டிப் பார்த்ததில் ஒழுகல் இல்லை, நன்றி." முதல் பெருமழை அன்று கட்டிலை நகர்த்திவிட்டு, அந்த மூலையில் ஒரு பழைய நாளிதழை விரித்து வைத்தால், காலையில் அது காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.